தொடக்க நிலையும் முழுத் துலங்கலும்: மீள்வரு தனித்த அமைப்பின் கணக்கு

மீள்வரு அமைப்பு என்பது தன் பழைய வெளியீட்டைத் தானே திரும்ப எடுத்துப் பயன்படுத்தும் அமைப்பு. இன்றைய வெளியீட்டைக் கணக்கிட இன்றைய உள்ளீடு மட்டும் போதாது; நேற்றைய வெளியீடும் வேண்டும். நேற்றையதற்கு அதற்கு முந்தையது வேண்டும். கணக்கை ஓரிடத்தில் தொடங்கித்தான் ஆக வேண்டும் என்பதால் n = 0 என்ற புள்ளியைத் தொடக்கமாகக் கொள்கிறோம். அப்போது அதற்கு முன் அமைப்பு எந்த நிலையில் இருந்தது என்பதை எண்களாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த எண்களே தொடக்க நிலைகள். முதல் வரிசைச் சமன்பாட்டுக்கு y[-1] என்ற ஒன்று போதும். இரண்டாம் வரிசைக்கு y[-1], y[-2] என இரண்டு வேண்டும்.

இவற்றைப் பூஜ்ஜியம் என்று வைத்துவிட்டுக் கணக்கைத் தொடங்குவது பாடநூல்களில் வழக்கம். அதனால் பூஜ்ஜியத் தொடக்கம் என்றால் எதையும் அனுமானிக்காத தொடக்கம் என்ற எண்ணம் மாணவர்களிடம் படிந்துவிடுகிறது. உண்மையில் அதுவும் ஓர் அனுமானமே. அமைப்பு அதுவரை முழு ஓய்வில் இருந்தது என்று அது உறுதியாகச் சொல்கிறது. அமைப்பு அப்படி ஓய்வில் இல்லாதபோது, அந்தச் சொல் தவறாகி வெளியீட்டில் தெரிய வருகிறது.

ஓர் எளிய வடிகட்டியை எடுத்துக்கொள்ளலாம். வெப்பநிலை உணரியின் அளவீடுகளில் உள்ள சிறு நடுக்கங்களை நீக்கப் பரவலாகப் பயன்படும் சமன்பாடு இது:

y[n] = 0.9 y[n-1] + 0.1 x[n]

அறை வெப்பநிலை 30 பாகையில் மாறாமல் இருக்கிறது என்று கொள்வோம். y[-1] = 0 என்று தொடங்கினால் முதல் வெளியீடு 3, அடுத்தது 5.7, அதற்கடுத்தது 8.13. அறை முழு நேரமும் 30 பாகையில்தான் இருந்தது. வடிகட்டியோ அது உறைநிலையிலிருந்து மெல்லச் சூடேறுவதாகக் காட்டுகிறது. வெளியீடு 30-க்கு ஒரு விழுக்காடு நெருக்கத்தில் வர 44 மாதிரிகள் கடக்க வேண்டும். y[-1] = 30 என்று தொடங்கினாலோ, முதல் மாதிரியிலிருந்தே வெளியீடு 30; எந்த ஏற்றமும் இல்லை.

பொதுவாக y[-1] எந்த மதிப்பாக இருந்தாலும் முழுத் துலங்கலை இப்படி எழுதலாம்:

y[n] = y[-1] (0.9)^(n+1) + 30 (1 - (0.9)^(n+1))

முதல் உறுப்பு உள்ளீடே இல்லாதிருந்தால் கிடைப்பது. இதற்குப் பூஜ்ஜிய உள்ளீட்டுத் துலங்கல் என்று பெயர். இரண்டாவது உறுப்பு தொடக்க நிலை பூஜ்ஜியமாக இருந்தால் கிடைப்பது. இது பூஜ்ஜிய நிலைத் துலங்கல். பழைய நினைவு ஒருபுறமும் புதிய உள்ளீடு மறுபுறமுமாகப் பிரிகிற இந்தப் பிரிப்பு, எந்த நேரியல் அமைப்புக்கும் பொருந்தும்.

இதே விடையை வேறு விதமாகவும் அடுக்கலாம்:

y[n] = 30 + (y[-1] - 30) (0.9)^(n+1)

இங்கே 30 என்பது உள்ளீடு கட்டாயப்படுத்தும் பகுதி. மற்றது அமைப்பின் இயல்புப் பகுதி, காலப்போக்கில் தேய்வது. இவ்விரு பிரிப்புகளையும் ஒன்றாக எண்ணுவதே இந்தப் பாடத்தில் மிகப் பெரிய குழப்பம். பூஜ்ஜிய நிலைத் துலங்கலுக்குள்ளேயே -30 (0.9)^(n+1) என்ற தேயும் உறுப்பு இருக்கிறது. ஆகவே தொடக்க நிலை பூஜ்ஜியமானால் மாறுநிலை இருக்காது என்பது தவறு. பெரும்பாலும் உண்மை இதற்கு எதிரானது: பூஜ்ஜியத் தொடக்கம் மாறுநிலையை உண்டாக்குகிறது, பொருத்தமான பூஜ்ஜியமல்லாத தொடக்கம் அதை அழிக்கிறது. மாறுநிலையின் அளவைத் தீர்மானிப்பது y[-1] தனியாக அல்ல. y[-1]-க்கும் உள்ளீடு கேட்கும் நிலைத்த மதிப்புக்கும் உள்ள வித்தியாசம்.

பூஜ்ஜியமல்லாத தொடக்கம் கொண்டுவரும் இன்னொரு விளைவு கோட்பாட்டு அளவில் முக்கியமானது. y[-1] = 10 என்று நிலைநிறுத்திவிட்டு 30 என்ற மாறா உள்ளீட்டைக் கொடுத்தால் y[0] = 9 + 3 = 12. உள்ளீட்டை இரட்டித்து 60 ஆக்கினால் y[0] = 9 + 6 = 15. இரட்டிப்பு என்றால் 24 வந்திருக்க வேண்டும். உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையிலான உறவாகப் பார்த்தால் அமைப்பு நேரியல் தன்மையை இழந்துவிட்டது. கால மாறாமையும் போய்விடுகிறது: அதே 30 ஐந்து மாதிரிகள் தாமதித்து வந்தால், அதற்குள் பழைய 10 ஏறத்தாழ 5.9-ஆகத் தேய்ந்திருக்கும். உள்ளீடு வரும் கணத்தில் வெளியீடு 12 அல்ல, 8.31. உள்ளீடு நகர்ந்த அளவுக்கு வெளியீடு நகரவில்லை. வேறு வடிவமே கிடைக்கிறது.

ஆனாலும் நேரியல் முழுமையாக மறைந்துவிடவில்லை. இரண்டு உள்ளீடுகளின் வித்தியாசம் 30. இரண்டு வெளியீடுகளின் வித்தியாசம் y[0]-இல் 3, அதாவது அந்த வித்தியாசத்துக்கு ஓய்வு நிலையிலிருந்து அமைப்பு தரும் துலங்கலே. உள்ளீட்டையும் தொடக்க நிலையையும் சேர்த்து ஒரே தொகுப்பாகக் கொண்டால் மேற்பொருத்தல் விதி முழுதும் செல்லும். பரிமாற்றச் சார்பு, கணத்தாக்குத் துலங்கல், சுருட்டல் கூட்டல் ஆகிய கருவிகள் பூஜ்ஜிய நிலைத் துலங்கலை மட்டும் தருகின்றன என்பதற்கும் இதுவே காரணம். அவை வரையறையிலேயே ஓய்வைக் கோருகின்றன.

இரண்டாம் வரிசை அமைப்பில் தொடக்க நிலைகளின் செயல் இன்னும் நுட்பமாகத் தெரியும். இந்தச் சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம்:

y[n] = (5/6) y[n-1] - (1/6) y[n-2] + x[n]

இதன் பண்புச் சமன்பாட்டின் மூலங்கள் 1/2, 1/3. இவையே அமைப்பின் முனைகள். ஆகவே உள்ளீடு இல்லாதபோது வெளியீடு C1 (1/2)^n + C2 (1/3)^n என்ற வடிவில்தான் இருக்கும். y[-1] = 6, y[-2] = 6 என்று வைத்தால் 2 C1 + 3 C2 = 6, 4 C1 + 9 C2 = 6 என இரண்டு சமன்பாடுகள் கிடைக்கும்; தீர்த்தால் C1 = 6, C2 = -2. சரிபார்க்கலாம்: சூத்திரப்படி y[0] = 6 - 2 = 4; நேரடிக் கணக்கில் 5 - 1 = 4.

இப்போது ஓய்வு நிலையில் அலகுப் படி உள்ளீடு, அதாவது n = 0 முதல் எப்போதும் 1. பகுதிப் பின்னங்களாகப் பிரித்தால் பூஜ்ஜிய நிலைத் துலங்கல்:

3 - 3 (1/2)^n + (1/3)^n

இரண்டையும் கூட்டினால் முழுத் துலங்கல்:

y[n] = 3 + 3 (1/2)^n - (1/3)^n

இது 5-இல் தொடங்கி 3-ஐ மேலிருந்து நெருங்குகிறது. பூஜ்ஜியத் தொடக்கத்தில் அதே அமைப்பு 1-இல் தொடங்கி 3-ஐக் கீழிருந்து நெருங்குகிறது. இறுதி மதிப்பில் மாற்றமில்லை. அடையும் வழி மட்டும் வேறு.

தொடக்க நிலைகளை நாமே தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் இன்னும் செய்யலாம். y[-1] = y[-2] = 3 என்று வைத்தால் பூஜ்ஜிய உள்ளீட்டுத் துலங்கல் 3 (1/2)^n - (1/3)^n ஆகிறது. பூஜ்ஜிய நிலைத் துலங்கலின் தேயும் உறுப்புகளை இது துல்லியமாக ஈடுசெய்துவிடுகிறது. வெளியீடு தொடக்கம் முதலே 3. இதில் வியப்பில்லை: 1 என்ற உள்ளீடு எப்போதோ தொடங்கி நெடுங்காலமாக வந்துகொண்டிருந்தால் பழைய வெளியீடுகள் 3, 3 என்றுதான் இருந்திருக்கும். ஒரு பாங்கை மட்டும் அழிக்கவும் முடியும். மெதுவாகத் தேயும் (1/2)^n உறுப்பு மறைய 3 y[-1] - y[-2] = 6 என்ற ஒரே நிபந்தனை போதும். y[-1] = 2, y[-2] = 0 அதை நிறைவு செய்கிறது; அப்போது வெளியீடு 3 - (1/3)(1/3)^n, முதல் மதிப்பே 8/3. இலக்குக்கு இவ்வளவு அருகே தொடங்கி, வேகமான பாங்கில் மட்டும் நெருங்குகிறது.

ஒருபக்க z உருமாற்றம் இதே கதையை வேறு முகத்தில் காட்டுகிறது. தாமதித்த வெளியீட்டின் உருமாற்றத்தில் தொடக்க நிலை தானாக வந்து சேரும்: y[n-1]-க்கு z^-1 Y(z) + y[-1], y[n-2]-க்கு z^-2 Y(z) + z^-1 y[-1] + y[-2]. இவற்றை மேற்கண்ட சமன்பாட்டில் இட்டால், தொடக்க நிலைகள் தொகுதியில் மட்டும் தோன்றும், பகுதி மாறாது. 6, 6 என்ற நம் எடுத்துக்காட்டில் அந்தத் தொகுதி 4 - z^-1. அதாவது ஓய்வில் உள்ள அமைப்புக்கு n = 0-இல் 4, n = 1-இல் -1 என இரண்டு கணத்தாக்குகளைக் கொடுத்ததற்கு இது சமம். தொடக்க நிலை ஒரு மறைமுக உள்ளீடு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. பகுதி மாறாததால் முனைகளும் மாறுவதில்லை. நிலையான அமைப்பைத் தொடக்க நிலை நிலையற்றதாக்காது. நிலையற்றதை நிலையானதாக்கவும் செய்யாது.

அந்த நினைவு எவ்வளவு காலம் நிற்கும் என்பதை முனைகளே முடிவு செய்கின்றன. முனை அலகு வட்டத்துக்கு உள்ளே இருந்தால் நினைவு தேயும். எவ்வளவு உள்ளே என்பதைப் பொறுத்து வேகம். முனை சரியாக 1-இல் இருந்தால், y[n] = y[n-1] + x[n] என்ற கூட்டியைப் போல, தொடக்க நிலை ஒருபோதும் மறக்கப்படாது. வட்டத்துக்கு வெளியே இருந்தால் எவ்வளவு சிறிய தொடக்க நிலையும் வளர்ந்துகொண்டே போகும்.

கடைசியாகச் சொன்னது ஒரு பொறியாகவும் அமைகிறது. இந்தச் சமன்பாட்டைப் பார்க்கவும்:

y[n] = 2 y[n-1] + x[n] - 2 x[n-1]

இதன் பரிமாற்றச் சார்பில் முனையும் சுழியமும் ஒன்றையொன்று நீக்கிவிடுவதால் மிஞ்சுவது 1. ஓய்விலிருந்து தொடங்கினால் உள்ளீடு அப்படியே வெளியீடாக வருகிறது. எந்தச் சோதனையிலும் குறை தெரியாது. ஆனால் y[-1] = 2^-53 என்று வைத்தால், அது ஏறக்குறைய 10^-16 அளவே என்றாலும், ஒவ்வோர் அடியிலும் இரட்டித்து n = 52-இல் முழு 1 ஆகிவிடுகிறது. பூஜ்ஜிய நிலைச் சோதனை மட்டும் நடத்துபவருக்கு இந்தப் பாங்கு கண்ணில் படாது. முனையும் சுழியமும் நீங்கும் எந்த வடிவமைப்பிலும், சிறிய பூஜ்ஜியமல்லாத தொடக்கத்துடன் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

இதே பொறியின் மிதமான வடிவம் அன்றாடம் பயன்படும் ஓடும் சராசரியில் இருக்கிறது. நான்கு மாதிரிகளின் சராசரியை மீள்வரு முறையில் y[n] = y[n-1] + (x[n] - x[n-4])/4 என்று எழுதலாம். y[-1]-இல் தவறாக 2 தங்கியிருந்தால், முனை 1-இல் இருப்பதால், அந்த 2 எல்லா வெளியீடுகளிலும் என்றென்றும் சேர்ந்தே இருக்கும். வேலையின் வரிசையை மாற்றினால் நிலைமையும் மாறும்: முதலில் s[n] = s[n-1] + x[n] என்று கூட்டி, பிறகு (s[n] - s[n-4])/4 என்று கழித்தால், கழிப்பியின் தாமதங்கள் பூஜ்ஜியமாக இருக்க, கூட்டியில் தங்கிய 2 முதல் நான்கு வெளியீடுகளில் தலா 0.5 பிழையாகத் தெரிந்து, அதன்பின் கழித்தலில் அழிந்துவிடும். பரிமாற்றச் சார்பு இரண்டுக்கும் ஒன்றே. தொடக்க நிலைக்கு அவை தரும் துலங்கல் வேறு வேறு. யூஜின் ஹோகனவர் 1981-இல் விவரித்த மாதிரி வீதக் குறைப்பு வடிகட்டிகளில் கூட்டிகள் முன்னும் கழிப்பிகள் பின்னுமாக வருவதால், கூட்டிகளில் எந்த எண் தங்கியிருந்தாலும் அது சில மாதிரிகளில் கழிந்துவிடுகிறது.

தொடக்க நிலைப் பிழையால் மிகவும் பாதிக்கப்படும் இடங்களில் ஒன்று இதய மின்வரைவு. தோலில் ஒட்டும் மின்முனைகள் தாமே ஒரு மாறா மின்னழுத்தத்தை உண்டாக்கும். கருவிகள் 300 மில்லிவோல்ட் வரையிலான இந்த இடப்பெயர்ச்சியைத் தாங்கும்படி வடிவமைக்கப்படுகின்றன. இதயத்தின் குறிகையோ ஏறக்குறைய 1 மில்லிவோல்ட்தான். இடப்பெயர்ச்சியை நீக்க 0.05 ஹெர்ட்ஸ் உயர்கடப்பு வடிகட்டி பயன்படுகிறது. அதன் எளிய தனித்த வடிவம்:

y[n] = a (y[n-1] + x[n] - x[n-1])

0.05 ஹெர்ட்ஸுக்கு நேர மாறிலி 3.18 நொடி. நொடிக்கு 500 மாதிரிகள் என்றால் a ஏறத்தாழ 0.9994. x[-1], y[-1] இரண்டையும் பூஜ்ஜியமாக வைத்துத் தொடங்கினால், 300 மில்லிவோல்ட் முழுவதும் முதல் மாதிரியில் ஒரே தாவலாக வெளியீட்டில் நுழைந்து, பிறகு மெல்லத் தேயும். 10 நொடி கழித்தும் 13 மில்லிவோல்ட் மிச்சமிருக்கும். இதயத் துடிப்பின் அலையைவிடப் பத்து மடங்குக்கு மேல். அது 0.1 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இறங்க ஏறத்தாழ 25.5 நொடி ஆகும். பத்து நொடி மட்டும் பதிவு செய்யப்பட்ட வரைவானால், அது முழுவதும் இந்தச் சரிவிலேயே கழிந்துவிடும்.

தீர்வு x[-1] = x[0] என்று வைப்பது. வெளியீட்டின் பழைய மதிப்பு y[-1] பூஜ்ஜியமாகவே இருக்கட்டும். மாற்றம் உள்ளீட்டின் பழைய மதிப்பில் மட்டுமே. அப்போது y[0] = 0; தாவல் இல்லை. தொடக்க நிலை என்றதும் பழைய வெளியீடுகளை மட்டும் நினைப்பது போதாது என்பது இதிலிருந்து தெரியும். சமன்பாட்டில் x[n-1] வந்தால் பழைய உள்ளீடும் நிலையின் பகுதியே. இந்தத் தீர்வுக்கும் எல்லை உண்டு: முதல் மாதிரி தற்செயலாகத் துடிப்பின் உச்சியில் விழுந்தால், அந்த உச்சியின் உயரமான சுமார் 1 மில்லிவோல்ட் பிழையாக நுழைந்து அதே மெதுவான வேகத்தில் தேயும். முதல் சில நூறு மாதிரிகளின் நடுமதிப்பை x[-1]-ஆகக் கொள்வது அதைவிட நம்பகமானது.

மென்பொருளில் இந்த விஷயம் ஒரு சிறு பெயரில் ஒளிந்திருக்கிறது. பைத்தானின் scipy.signal தொகுப்பில் உள்ள `lfilter`, `zi` என்ற மதிப்பைக் கொடுக்காவிட்டால் பூஜ்ஜியத் தொடக்கத்தையே எடுத்துக்கொள்கிறது. முன்பு பார்த்த வெப்பநிலை வடிகட்டியை நிலைத்த நிலையிலிருந்து தொடங்க இப்படி எழுத வேண்டும்:

```python
from scipy.signal import lfilter, lfilter_zi

b, a = [0.1], [1, -0.9]
zi = lfilter_zi(b, a) * x[0]
y, zf = lfilter(b, a, x, zi=zi)
```

இங்கே ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. `zi` என்பது y[-1] அல்ல. வடிகட்டியின் தாமதப் பெட்டிகளுக்குள் இருக்கும் எண். இந்த வடிகட்டிக்கு `lfilter_zi` தருவது 0.9; x[0] = 30 என்றால் பெட்டியில் இருக்க வேண்டியது 27. y[-1] = 30 என்று எண்ணி 30-ஐ நேரடியாகக் கொடுத்தால் முதல் வெளியீடு 3 + 30 = 33 ஆகும். மாறாத உள்ளீட்டுக்கு முதல் வெளியீடே இலக்கைத் தாண்டியிருந்தால் இந்தக் குழப்பம்தான் என்று உடனே சந்தேகிக்கலாம். பழைய வெளியீடுகள் தெரிந்திருந்து அவற்றிலிருந்து பெட்டி மதிப்புகளைப் பெற வேண்டுமானால் அதே தொகுப்பில் `lfiltic` இருக்கிறது.

நீண்ட குறிகையைத் துண்டுகளாக வெட்டி வடிகட்டும்போது `zf`-இன் அருமை புரியும். ஒரு துண்டின் முடிவில் கிடைக்கும் `zf`-ஐ அடுத்த துண்டின் `zi`-ஆகக் கொடுத்தால், மொத்தத்தையும் ஒரே மூச்சில் வடிகட்டியதற்கும் இதற்கும் வேறுபாடே இராது. கொடுக்காமல் விட்டால் ஒவ்வொரு துண்டும் ஓய்விலிருந்து புதிதாகத் தொடங்கும். 30-இல் நின்ற வெளியீடு ஒவ்வொரு துண்டின் தலைப்பிலும் 3-க்கு விழுந்து மறுபடி ஏறும். ஒலிக் குறிகையானால் அது சீரான இடைவெளியில் கேட்கும் சொடுக்கு. அடையாளம் எளிது: குழிகளுக்கு இடையிலுள்ள தொலைவு துண்டின் நீளத்துக்குச் சரியாக ஒத்துப்போகும். குறிகையை முன்னும் பின்னுமாக இருமுறை வடிகட்டும் `filtfilt`-இல் இந்தச் சிக்கல் இரு முனைகளிலும் எழுகிறது. அதற்கான தொடக்க நிலைகளைக் கணக்கிடும் முறையை ஃபிரெட்ரிக் குஸ்தாஃப்சன் 1996-இல் வெளியிட்டார். `method="gust"` என்ற தெரிவில் அது கிடைக்கிறது.

இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் ஓர் ஆறுதல் இருந்தது: முனைகள் அலகு வட்டத்துக்குள் இருந்து, எதுவும் நீங்காமல் இருந்தால், தொடக்க நிலை எதுவானாலும் இறுதி மதிப்பு ஒன்றே. முழு எண்களில் கணக்கிடும் சிறு நுண்கட்டுப்படுத்திகளில் அந்த ஆறுதலும் இல்லை. அதே வெப்பநிலை வடிகட்டியை, ஒவ்வோர் அடியிலும் விடையை அருகிலுள்ள முழு எண்ணுக்குத் திருத்தி ஓட்டுவோம். சரிபாதி வந்தால் மேலே திருத்துவோம். உள்ளீடு 30, தொடக்கம் பூஜ்ஜியம். வெளியீடு 3, 6, 8, 10 என்று ஏறி 24, 25, 26 வரை வருகிறது. 26-க்கு அடுத்த கணக்கு 23.4 + 3 = 26.4, திருத்தினால் மறுபடி 26. அங்கேயே நின்றுவிடுகிறது. தொடக்கம் 40 என்றால் 39, 38, 37, 36, 35 என இறங்கி, 35-க்கு அடுத்தது 34.5, திருத்தினால் 35. அங்கே நின்றுவிடுகிறது. ஒரே வடிகட்டி, ஒரே உள்ளீடு, ஒன்று 26 பாகை என்கிறது, மற்றது 35 என்கிறது, உண்மை 30. உள்ளீட்டை நிறுத்தினால் வெளியீடு பூஜ்ஜியத்துக்குச் செல்லாமல் 5-இல் தங்கிவிடும். ஓய்விலிருந்து தொடங்கி உள்ளீடே இல்லாமல் ஓட்டும் சோதனை இதைக் காட்டாது, ஏனெனில் பூஜ்ஜியம் பூஜ்ஜியமாகவே இருக்கும்.

காரணம் திருத்தல். அதன் பிழை ஒவ்வோர் அடியிலும் அதிகபட்சம் 0.5, வடிகட்டி அதை 1/(1 - 0.9), அதாவது 10 மடங்கு பெருக்கும், ஆகவே 30-க்கு இருபுறமும் ஐந்தளவு அகலத்தில் ஒரு செயலற்ற பட்டை உருவாகிறது. முனை 1-ஐ நெருங்க நெருங்கப் பட்டை அகலும். நிலையை மட்டும் கூடுதல் நுண்மையுடன் சேமித்தால், உதாரணமாக y-ஐ 256 மடங்காக்கி வைத்துக்கொண்டு வெளியிடும்போது மட்டும் 256-ஆல் வகுத்துத் திருத்தினால், பட்டை 5/256-ஆக, அதாவது 0.02 பாகையாகச் சுருங்கிவிடுகிறது. அப்போது 0-விலும் 40-இலும் தொடங்கிய இரண்டு ஓட்டங்களும் 30 பாகை என்றே காட்டும்.